27-ஆ, 28-ஆ? நான்கு ஊர்ச் சம்பளமும் ஒரு நாட்காட்டிப் பிழையும்

2025 மார்ச் 25, செவ்வாய்க்கிழமை மாலை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் தளத்தின் சூப்பர்வைசர் அழைத்தார். "அண்ணே, ஓவர்டைம் ஒப்புதல் போடப் போனா மாசம் பூட்டியாச்சுன்னு காட்டுது. இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம்னுதானே நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்க? சம்பளத் தேதியும் 27-ன்னு வருது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்ல 28-ன்னு சொல்றாங்க."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒப்புதலுக்கான கெடு 25 மாலைதான். சம்பள நாள் 28 வெள்ளிக்கிழமையாக இருந்திருக்க வேண்டும். கணினி அதை 27 என்று கணக்கிட்டு, அதற்கு இரண்டு வேலை நாள் முன்னால், அதாவது 25 காலை 6 மணிக்கே, சம்பளக் கோப்பை உருவாக்கி வங்கிக்கு அனுப்பிவிட்டது. அன்று பகலில் ஒப்புதல் பெற வேண்டிய ஓவர்டைம் எதுவும் அதில் இல்லை.

இந்த நிகழ்வை முழுவதும் எழுதி வைக்கிறேன். பிழை ஒரே ஒரு சொல்லில் இருந்தது, ஆனால் அதைத் தேடிப் போனபோது அதற்கு அடியில் இன்னும் இரண்டு கோளாறுகள் கிடைத்தன. பல நாடுகளுக்குக் கணினியில் வார வேலையும் மாத வேலையும் ஓட்டுகிற எவருக்கும் இந்த மூன்றும் வெவ்வேறு நாளில் வந்து சேரக்கூடும்.

அமைப்பு

நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு நான்கு தளங்கள்: சென்னை, சிங்கப்பூர், ஜொகூர் பாரு, துபாய். சம்பள மென்பொருள் சென்னையில் இருந்து ஓடும். நாட்காட்டியைப் பார்த்து ஓடும் வேலைகள் இரண்டு. முதலாவது, வாரத்தின் கடைசி வேலை நாள் மாலை 6 மணிக்கு வருகைப்பதிவைப் பூட்டும் வார வேலை. இரண்டாவது மாத வேலை. மாதத்தின் கடைசி வேலை நாள்தான் சம்பள நாள், அதற்கு இரண்டு வேலை நாள் முன்னால் காலை 6 மணிக்குக் கோப்பு உருவாகும். மணி எல்லாம் அந்தந்த ஊர் மணி.

பழைய அமைப்பில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர் எக்செல் தாளில் தேதிகளைப் போட்டு வைப்பார். பிப்ரவரிச் சம்பளம் முடிந்த கையோடு அதை நிரலுக்கு மாற்றினோம். நாடு வாரியாக ஒரு விடுமுறைப் பட்டியல், நாடு வாரியாக ஒரு வார அமைப்பு, கணக்குக்கு `numpy`. அதன் முதல் மாதமே மார்ச்.

அந்த மார்ச்சின் கடைசி நாட்கள் எப்படி இருந்தன என்று பார்ப்போம். 28 வெள்ளி. 29 சனி, 30 ஞாயிறு. துபாயில் 29 மாலை பிறை தெரிந்ததால் 30 அன்றே பெருநாள், விடுமுறை ஏப்ரல் 1 வரை. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றிலும் பெருநாள் 31 திங்கள். மலேசியாவில் ஏப்ரல் 1-உம் விடுமுறை. ஆக, நான்கு ஊரிலும் அலுவலகத்துக்குக் கடைசி வேலை நாள் 28 வெள்ளிதான். நான்கு நாட்காட்டிகளும் ஒரே விடையைத் தர வேண்டிய மாதம் அது. அதில்தான் மூன்று ஊருக்கு 27 என்றும் ஒரு ஊருக்கு 28 என்றும் வந்தது.

தவறான இடத்தில் தேடிய ஒரு நாள்

அழைப்பு ஜொகூரிலிருந்து வந்ததால் சந்தேகம் முழுவதும் ஜொகூர் மேல் விழுந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. ஜொகூர் மாநிலத்தில் 2014 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. 2025 ஜனவரி 1 முதல் அது சனி-ஞாயிறாக மாறியது. மலேசியா என்று ஒரே வரியில் எழுதினால் இது தெரியாது. கிளந்தான், திரெங்கானு, கெடா மாநிலங்களில் இன்றும் வெள்ளி-சனிதான், கோலாலம்பூரில் சனி-ஞாயிறு. மூன்று மாதத்துக்கு முன் வாரம் மாறிய ஊரில் சம்பளத் தேதி வியாழனுக்குப் போனால், பழைய வார அமைப்பு எங்கோ மிச்சம் இருக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். வெள்ளி-சனி விடுமுறையில் வாரத்தின் கடைசி வேலை நாள் வியாழன்தானே.

புதன்கிழமை முழுவதும் அதையே தேடினோம். ஜொகூருக்கு விடுபட்ட ஓவர்டைமைத் தனிக் கோப்பாக அன்று அனுப்பிவிட்டோம். மதியம் சென்னைக் கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர், போன மாதத்தோடு ஒப்பிட்டால் சென்னையின் ஓவர்டைம் தொகை பாதிகூட இல்லையே என்று கேட்டார். அப்போதுதான் இது ஜொகூரோடு நிற்கவில்லை என்று புரிந்தது. சென்னைக்கும் துணைக் கோப்பு போனது.

துபாயை நாங்கள் அன்று பார்க்கவில்லை. அங்கிருந்த சூப்பர்வைசரும் 25 மாலை அதே பூட்டைப் பார்த்திருக்கிறார், ஆனால் தான்தான் கெடுவைத் தவறவிட்டோம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். 27 வியாழன் மாலை சம்பளம் ஏறிய பிறகு தொழிலாளர்கள் தொகை குறைவதைக் கண்டு சொன்னார்கள். அடுத்த நாள் வெள்ளி, அங்கே அரை நாள். நாங்கள் துணைக் கோப்பைத் தயாரித்து ஒப்புதல் வாங்கி முடிப்பதற்குள் வங்கியின் நேரம் கடந்துவிட்டது. அதற்கு அடுத்த வேலை நாள் ஏப்ரல் 2 புதன். பெருநாளைக்கு ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் தாங்கள் உழைத்த ஓவர்டைம் பணம் கையில் இல்லாமல் பெருநாளைக் கழித்தார்கள். இந்த நிகழ்வில் என்னை உறுத்துவது அதுதான்.

பிழை இருந்த வரி

மாதத்தின் கடைசி வேலை நாளைக் கண்டுபிடிக்க எங்கள் நிரல், அடுத்த மாதம் 1-ஆம் தேதிக்குப் போய் அங்கிருந்து ஒரு வேலை நாள் பின்னால் வந்தது. வழி சரியானதுதான். 1-ஆம் தேதியே விடுமுறையானால் என்ன செய்வது என்பதைச் சொல்லும் `roll` என்ற இடத்தில் `backward` என்று எழுதியிருந்தோம்.

```python
import numpy as np
h = ['2025-03-31', '2025-04-01']
np.busday_offset('2025-04-01', -1, roll='backward', holidays=h)  # 2025-03-27
np.busday_offset('2025-04-01', -1, roll='forward',  holidays=h)  # 2025-03-28
```

`numpy` முதலில் நகர்த்தும், பிறகுதான் எண்ணும். ஏப்ரல் 1 விடுமுறை. `backward` என்றால் அது முந்தைய வேலை நாளுக்கு, அதாவது மார்ச் 28-க்கு வந்துவிடும். நாம் தேடிய நாள் அதுவே. ஆனால் அதற்குப் பிறகு -1 வேறு இருக்கிறது, அதனால் இன்னும் ஒரு நாள் பின்னால் போய் 27-இல் நிற்கும். `forward` என்றால் முதலில் ஏப்ரல் 2-க்குப் போய், அங்கிருந்து ஒரு வேலை நாள் பின்னால் வந்து 28-இல் நிற்கும். 1-ஆம் தேதி வேலை நாளாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, ஏனென்றால் நகர்த்த ஒன்றும் இருக்காது. சிங்கப்பூரில் ஏப்ரல் 1 வேலை நாள். அதனால் அங்கே மட்டும் விடை சரியாக வந்தது.

நாங்கள் இதைச் சோதிக்காமல் விடவில்லை. 2024 ஜூலை, செப்டம்பர் என்று இரண்டு மாதங்களுக்குப் பழைய எக்செல் தேதிகளோடு ஒப்பிட்டோம், இரண்டும் பொருந்தின. 2024 ஆகஸ்ட் 1 வியாழன், அக்டோபர் 1 செவ்வாய், இரண்டும் வேலை நாள். அந்த இரண்டு மாதங்களில் இந்தப் பிழை வெளிப்பட வழியே இல்லை. சிங்கப்பூர் நாட்காட்டியை எடுத்து 2024-இன் பன்னிரண்டு முதல் தேதிகளையும் பார்த்தால், ஜனவரி 1-உம் மே 1-உம் பொது விடுமுறை, ஜூன் 1 சனி, செப்டம்பர் 1-உம் டிசம்பர் 1-உம் ஞாயிறு. ஐந்து முறை தவறியிருக்கும். ஓராண்டு முழுவதையும் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இப்போது அந்த வரியை நான் வேறு மாதிரி எழுதுகிறேன். அடுத்த மாதத்துக்குப் போகாமல், இந்த மாதத்தின் கடைசித் தேதியை எடுத்து, அது வேலை நாள் இல்லையென்றால் பின்னால் நகர்த்து, எதையும் கழிக்காதே. மார்ச் 31, 0, `backward`. சொல்ல நினைப்பதும் எழுதுவதும் ஒன்றாகவே இருக்கிறது.

சம்பளம் ஒரு நாள் முன்னதாகப் போனால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒருவர் கேட்டார். சம்பள நாளை மட்டும் பார்த்தால் நட்டம் இல்லைதான். ஆனால் ஒரு மாத வேலைக்கு முன்னால் வேறு வேலைகள் சங்கிலியாக நிற்கின்றன: வருகைப்பதிவு பூட்டு, ஒப்புதல், கணக்குச் சரிபார்ப்பு. கடைசிக் கண்ணி ஒரு நாள் முன்னால் நகர்ந்தால், நகராமல் நிற்கும் கண்ணிகள் வெளியே விழும். எங்கள் ஒப்புதல் கெடு 25 என்று சுவரில் ஒட்டியிருந்தது, கோப்பின் நாள் மட்டும் கணக்கில் இருந்தது. இப்போது கெடுவும் அதே சம்பள நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுகிறது. கெடு முடியாமல் கோப்பு உருவாகவே உருவாகாது.

யாருடைய விடுமுறை?

துபாய்க்கும் ஜொகூருக்கும் ஏப்ரல் 1 உண்மையிலேயே விடுமுறை. சென்னைக்கு? எங்கள் சென்னை அலுவலகம் ஏப்ரல் 1 செவ்வாய் திறந்திருந்தது. பிறகு எப்படி அது பட்டியலில் வந்தது? இந்தியாவில் ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். யாரோ வங்கி விடுமுறைப் பட்டியலை எடுத்து, அலுவலக விடுமுறைகளோடு சேர்த்து, இந்தியா என்ற ஒரே தலைப்பில் போட்டிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னையில் ஒரு சம்பளம் போய்ச் சேர மூன்று நாட்காட்டிகள் வேலை செய்கின்றன. முதலாவது அலுவலகம்: சனி, ஞாயிறு விடுமுறை, தமிழ்நாட்டுப் பண்டிகைகள். இரண்டாவது வங்கிக் கிளை: 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை மட்டுமே விடுமுறை, மற்றச் சனிகள் வேலை நாள். 2025 மார்ச் 29 அந்த மாதத்தின் ஐந்தாம் சனி, ஆகவே வங்கிக்கு வேலை நாள், எங்களுக்கு விடுமுறை. மூன்றாவது, பணம் நகரும் தடம்: நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் நாள் முழுவதும் எல்லா நாளும் ஓடுகின்றன. மொத்தமாகச் சம்பளம் போட உதவும் நாச் 2021 ஆகஸ்ட் 1 முதல் எல்லா நாளும் ஓடுகிறது.

அப்படியானால் சென்னைச் சம்பளத்துக்கு எந்த நாட்காட்டி? பணத்துக்கு இப்போது விடுமுறை இல்லை, ஞாயிறு அன்றும் ஏறும். தடையாக நிற்பது மனிதர்கள். கோப்பை ஒருவர் போட வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அந்த இருவரும் அலுவலகத்தில் இருக்கும் நாள்தான் கணக்கு. எனவே அலுவலக நாட்காட்டி. ஏப்ரல் 1 அதில் இருந்திருக்கக் கூடாது. இருந்திராவிட்டால், `backward` பிழை அப்படியே இருந்தாலும் சென்னையின் விடை சரியாக வந்திருக்கும். 31 பெருநாள், 29-30 வார இறுதி, 28 கிடைத்திருக்கும்.

அந்த ஆண்டு மார்ச் 31 இன்னொரு பாடம். முதலில் அது தமிழ்நாட்டு வங்கிகளுக்கு ரம்ஜான் விடுமுறை. நிதியாண்டின் கடைசி நாள் என்பதால், அரசு வரவு செலவைக் கையாளும் கிளைகள் அன்று திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ஒரே நாள், ஒரே வங்கி, வரி கட்டப் போனால் வேலை நாள், வேறு காரியத்துக்குப் போனால் அப்படிச் சொல்ல முடியாது. இதை நாட்டின் பெயரில் வைத்த ஒரு பட்டியலால் சொல்லவே முடியாது.

ஆகவே நாடு என்ற திறவுகோலை எடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு நாட்காட்டிக்கும் இடமும் ஆளும் சேர்ந்த பெயர்: சென்னை-அலுவலகம், சென்னை-வங்கி, ஜொகூர்-அலுவலகம், துபாய்-அலுவலகம், துபாய்-வங்கி என்று. ஒவ்வொரு வேலையும் தனக்கு எந்தெந்த நாட்காட்டி தேவை என்று சொல்லியாக வேண்டும். துபாய்க் கோப்பை உருவாக்க துபாய் வங்கி திறந்திருக்க வேண்டும், சென்னையில் ஒப்புதல் தருபவரும் இருக்க வேண்டும். இரண்டிலும் வேலை நாளாக இருக்கும் நாள் மட்டுமே அந்த வேலைக்கு வேலை நாள். சேர்க்கும்போது விடுமுறைகள் கூடும், வேலை நாட்கள் குறையும். இதைத் தலைகீழாக, ஏதாவது ஒன்றில் வேலை நாளாக இருந்தால் போதும் என்று எழுதிவிடுவது மிக எளிது. சேர்த்த நாட்காட்டியில் வேலை நாட்கள் தனித்தனி நாட்காட்டி எதையும்விட அதிகமாக வந்தால் அந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

ஆறு நாள் வாரம்

புதன்கிழமை ஜொகூரைத் துருவியபோது கிடைத்தது இது. மார்ச் பிழைக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் கிடைத்தது நல்லதாயிற்று. எங்கள் நிரலில் ஜொகூரின் வார அமைப்பு ஒரே வரி: திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. ஜனவரி மாற்றத்துக்குப் பின் எழுதிய நிரல் என்பதால் புதிய அமைப்பை மட்டும் போட்டிருந்தோம். பிப்ரவரிக் கடைசியில் ஒருவர் டிசம்பர் மாத அறிக்கையை மீண்டும் எடுத்தபோது, டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தவர்கள் எல்லாரும் விடுமுறை நாளில் வேலை செய்ததாகவும், வெள்ளிக்கிழமை வராதவர்கள் எல்லாரும் விடுப்பு எடுத்ததாகவும் வந்திருக்கிறது. அறிக்கையை யாரும் கவனிக்கவில்லை.

மாற்றம் நடந்த வாரத்தை விரலால் எண்ணிப் பாருங்கள். 2024 டிசம்பர் 27 வெள்ளி, 28 சனி, பழைய விதிப்படி விடுமுறை. 29 ஞாயிறு, 30 திங்கள், 31 செவ்வாய், வேலை. ஜனவரி 1 புதன் புதிய விதி தொடங்குகிறது. ஜொகூரில் ஆங்கிலப் புத்தாண்டு பொது விடுமுறை இல்லை, அதனால் அன்றும் வேலை. 2 வியாழன் வேலை. 3 வெள்ளி, புதிய விதிப்படி வேலை. 4 சனி விடுமுறை. தொடர்ந்து ஆறு வேலை நாள். பழைய அமைப்பை வைத்து எண்ணினாலும் ஐந்து, புதிய அமைப்பை வைத்து எண்ணினாலும் ஐந்து. எந்தத் தேதிக்கு எந்த அமைப்பு என்று தேதி தேதியாகப் பார்த்தால்தான் ஆறு வரும்.

துபாயில் இதற்கு நேர்மாறு நடந்தது. 2021 முடியும் வரை அங்கே வெள்ளி-சனி விடுமுறை, 2022 தொடக்கத்திலிருந்து சனி-ஞாயிறு, வெள்ளி அரை நாள். டிசம்பர் 31 வெள்ளி பழைய விதிப்படி விடுமுறை, ஜனவரி 1 சனி எப்படியும் விடுமுறை, ஜனவரி 2 ஞாயிறு புதிய விதிப்படி விடுமுறை. தொடர்ந்து மூன்று நாள் ஓய்வு. பக்கத்து ஷார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுமே விடுமுறையானது. துபாயில் வேலை, ஷார்ஜாவில் வீடு என்று இருப்பவர்கள் அங்கே ஏராளம், அவர்களுக்கு எந்த நாட்காட்டி என்பதை வேலை செய்யும் இடமே தீர்மானிக்கும்.

வார அமைப்புக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் வேண்டும் என்பது இதிலிருந்து வந்த மாற்றம். எக்செல்லிலிருந்து வார அமைப்பை எடுத்து வருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். `WORKDAY.INTL` சூத்திரத்தில் `"0000011"` என்றால் சனி-ஞாயிறு விடுமுறை, அங்கே 1 என்பது ஓய்வு. `numpy`-யின் `weekmask`-இல் 1 என்பது வேலை. இரண்டிலும் முதல் இலக்கம் திங்கள்தான், அதனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அப்படியே ஒட்டினால் சனி-ஞாயிறு மட்டும் வேலை என்றாகிவிடும்.

நாளுக்கு ஒரு வரி

சரிசெய்யும்போது முதலில் விடுமுறைப் பட்டியலையே விரிவாக்கலாம் என்று நினைத்தோம். அது போதவில்லை, ஏனென்றால் சில நாட்கள் எதிர்ப்பக்கம் மாறுகின்றன. 2025 பொங்கலுக்கு ஜனவரி 17 வெள்ளியையும் தமிழ்நாடு அரசு விடுமுறையாக அறிவித்து, ஈடாக ஜனவரி 25 சனிக்கிழமையை அரசு அலுவலகங்களுக்கு வேலை நாளாக்கியது. சீனாவில் இது ஆண்டுதோறும் நடக்கிறது. 2025 வசந்த விழா விடுமுறைக்காக ஜனவரி 26 ஞாயிறும் பிப்ரவரி 8 சனியும் வேலை நாட்கள். விடுமுறைப் பட்டியலில் ஒரு நாளைச் சேர்க்கலாம், ஆனால் வார இறுதியில் வரும் வேலை நாளை அதில் எழுத இடமில்லை.

அதனால் ஒவ்வொரு நாட்காட்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி வைத்த அட்டவணை ஒன்றை உருவாக்கினோம். வார அமைப்பு, விடுமுறை, சிறப்பு வேலை நாள் எல்லாவற்றையும் பார்த்து ஒரு நிரல் அதை நிரப்பும். வேலைகள் அட்டவணையை மட்டும் பார்க்கும். நாட்காட்டி ஒன்றுக்கு ஆண்டுக்கு 365 வரி, ஒரு சுமையே இல்லை. சம்பள நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு என்பது இவ்வளவுதான்:

```sql
SELECT d FROM cal_day
WHERE cal = 'JHR-OFFICE' AND is_work
  AND d <= '2025-03-31'
ORDER BY d DESC LIMIT 1 OFFSET 2;
```

28, 27, 26 என்று பின்னோக்கி வந்து 26-இல் நிற்கும். இதில் `roll` இல்லை, நகர்த்திவிட்டு எண்ணுவதா, எண்ணிவிட்டு நகர்த்துவதா என்ற குழப்பமும் இல்லை. சந்தேகம் வந்தால் கணக்குப் பிரிவில் இருப்பவரே அட்டவணையைத் திறந்து விரலை வைத்து எண்ணலாம்.

`cron`-இல் இப்போது தேதி விதி எதுவும் இல்லை. தினமும் ஓடி, இன்று அந்த ஊரில் என்ன தேதி, அது பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. முன்பு யாரோ `0 6 25-31 * 1-5` என்று எழுதி வைத்திருந்தார்கள், 25 முதல் 31 வரை வரும் வார நாட்களில் மட்டும் ஓடும் என்று நினைத்து. மாதத் தேதி, கிழமை இரண்டையும் கட்டுப்படுத்தினால் `cron` எது பொருந்தினாலும் ஓடும். அந்த வரி மாதத்தின் எல்லா வார நாட்களிலும், அதோடு 25 முதல் வரும் சனி ஞாயிறுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறை

அட்டவணையில் ஒரு நெடுவரிசை மட்டும் கடைசியாகச் சேர்ந்தது: உறுதியா, எதிர்பார்ப்பா. மார்ச்சில் துபாய்க்கு 30 முதல் ஏப்ரல் 2 வரை போட்டு வைத்திருந்தோம். நோன்பு 29 நாளில் முடிந்தால் ஏப்ரல் 2 புதன் வேலை, 30 நாளானால் வியாழன்தான் வேலை. எது என்பது 29 மாலை வரை யாருக்கும் தெரியாது. கடைசி வேலை நாளைத் தேடும் வேலைக்கு இது சிக்கலில்லை, எதிர்பார்ப்பு நாட்கள் எல்லாவற்றையும் விடுமுறை என்று எடுத்துக்கொண்டு பின்னால் வந்தால் எப்படியும் 28. ஏப்ரலின் முதல் வேலை நாளைத் தேடும் வேலைக்கு அப்படி முன்கூட்டியே முடிவு செய்ய முடியாது. அதனால் பின்னோக்கிப் போகும் வேலைகளுக்குத் தேதி முன்பே உறைந்துவிடும், முன்னோக்கிப் போகும் வேலைகள் எதிர்பார்ப்பு நாள் ஒன்றைத் தொட்டால், உறுதியாகும் வரை தேதி தராமல் காத்திருக்கும். உறுதிசெய்வது துபாய் அலுவலகத்தில் ஒருவரின் பொறுப்பு, அவர் பெயரும் நேரமும் அந்த வரியிலேயே பதிவாகும்.

ஹஜ் பெருநாள் இந்த வகையில் எளிது. துல்ஹஜ் பிறை தெரிந்து பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் கிடைக்கும். 2025-இல் மே 27 மாலை பிறை தெரிந்தது. துபாயில் அரஃபா நாள் ஜூன் 5 வியாழன், பெருநாள் 6 வெள்ளி. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா மூன்றிலும் பெருநாள் 7 சனிக்கிழமை. மே 28 காலை துபாய் அலுவலகத்தில் அந்த நாட்களை உறுதி என்று மாற்றினார்கள். அந்த வாரத்தின் பூட்டு துபாய்க்கு ஜூன் 4 புதனுக்கு வந்தது, மற்ற மூன்று ஊருக்கும் 6 வெள்ளியிலேயே நின்றது. துபாய் சூப்பர்வைசருக்கு அறிவிப்பு மே 28 அன்றே போய்விட்டது. புதன் மாலை 6 மணிக்கு வாரம் பூட்டியபோது ஒப்புதலுக்கு நிற்கும் ஓவர்டைம் ஒன்றுகூட இல்லை.